சர்ட் கணக்குல முதல்ல சுருக்கணுமா, முதல்ல ரேஷனலைஸ் பண்ணணுமா?

அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, நேத்து அல்ஜீப்ரா ஒர்க்‌ஷீட்ட போட்டோ எடுத்து அனுப்பி "சித்தி, எனக்கு ப்ளஸ்ல வருது, பின்னாடி இருக்குற விடைல ரெண்டுமே மைனஸா இருக்கு"ன்னு கேட்டா. கணக்கு இதுதான்:

```
6 / (√12 − √18)
```

இத மூணு வழில போட்டுப் பாத்தோம்.

அவ போட்டது முதல்ல சுருக்குற வழி. √12-ஐ 2√3, √18-ஐ 3√2 ஆக்கிட்டு மேலயும் கீழயும் (2√3 + 3√2) ஆல பெருக்குறது. பகுதி 12 − 18, அதாவது −6. மேல இருக்குற 6 அடிபட்டு −(2√3 + 3√2) நிக்கும், அவ ப்ராக்கெட்ட எடுக்கும்போது மைனஸ முதல் உறுப்புக்கு மட்டும் குடுத்து −2√3 + 3√2ன்னு எழுதிட்டா. இந்த வழில இன்னொரு குழியும் இருக்கு, (2√3)²-ஐ 6ன்னு எழுதிடுவாங்க, 2-ஐயும் வர்க்கப்படுத்தணும், 4 × 3 = 12.

ரெண்டாவது, சுருக்காம நேரா (√12 + √18) ஆல பெருக்குறது. வர்க்கம் தானா 12, 18ன்னு வந்துடும், அதனால அந்த ரெண்டாவது குழி இல்ல, ஆனா −6 அப்படியேதான் வருது.

எனக்குப் புடிச்சது மூணாவதுதான். √18 பெருசு, அதனால ஆரம்பத்துலயே மைனஸ வெளிய எடுத்து −6 / (√18 − √12)ன்னு எழுதிக்கணும். இப்போ பகுதி 18 − 12 = 6, ப்ளஸ். மைனஸ் ஒரே எடத்துல, மொத்த பின்னத்துக்கும் முன்னாடி நிக்குது, கடைசில −3√2 − 2√3ன்னு ரெண்டுக்கும் குடுத்தா முடிஞ்சுது.

ஆனா எப்பவும் சுருக்காம போடலாம்னு நெனைக்காதீங்க. 1/(√75 − √48) வந்தா சுருக்குறதுதான் ஜெயிக்கும், 5√3 − 4√3 வெறும் √3 ஆயிடும், காஞ்சுகேட்டே வேணாம், விடை √3/3. உள்ள ஒரே மூலம் வருதான்னு ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் வழிய முடிவு பண்ணுங்க.

சரிபாக்க தசமம் போதும். √12 சுமாரா 3.46, √18 சுமாரா 4.24, பகுதி −0.78, அப்போ விடை −7.7 பக்கம் வரணும். அவளோட விடை +0.78.

இதுல ஒண்ணு கவனிச்சேன், போட்டோல நிழல் விழுந்து நடுவுல இருக்குற மைனஸ ப்ளஸ்னு படிச்சு 6/(√12 + √18) போட்டாலும் சரியா அதே 3√2 − 2√3தான் வரும், அதனால விடைய மட்டும் பாத்து தப்பு குறில நடந்துச்சா படிச்சதுலயான்னு சொல்லவே முடியாது, போட்டோவ ஜூம் பண்ணி குறியையும் மூலக் கோடு எங்க முடியுதுங்கறதையும் பாத்து நோட்டுல எழுதிக்கிட்டு அப்புறம் ஆரம்பிக்கச் சொன்னேன். அவ படிச்சது சரிதான், ப்ராக்கெட்ல மட்டும்தான் விட்டிருக்கா.