சல்லிவன் கேள்வி: எந்தத் தொடக்கம், எந்த முடிவு?

வரலாற்றுத் தாளுக்குத் தயாராகும் குன்னூர்ப் பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் கேள்வி ஒன்று உண்டு: "19ஆம் நூற்றாண்டில் நீலகிரி மாறியதற்கு ஜான் சல்லிவனே முதன்மைக் காரணம். இக்கூற்றை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?" வரும் விடைகளின் தொடக்கம் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகை: "மலைகளின் அரசி எனப்படும் நீலகிரியில் தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் முதலிய மக்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1819இல் இங்கு வந்தார்." எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் இதே பத்தியைக் குன்னூர் ரயில் பாதை பற்றிய கட்டுரைக்கு மேலேயும் ஒட்டலாம், ஒட்டியது யாருக்கும் தெரியாது. வேறு கேள்விக்கும் பொருந்துகிற தொடக்கத்தை அடித்துவிடுவதே நல்லது.

இரண்டாம் வகை நேராக அடிக்கும்: "இக்கூற்றை முழுமையாக ஏற்கிறேன். சல்லிவன் இல்லாமல் ஊட்டி இல்லை." முதல் வகையை விட இது எவ்வளவோ மேல். குறை என்னவென்றால், கேள்வி கேட்டது நீலகிரியை, விடை சொல்வது ஊட்டியை. எதை மாற்றம் என்கிறோம் என்று சொல்லாததால், நடுப்பக்கங்களில் ஏரி, காய்கறி, கல் பங்களா என்று சல்லிவன் செய்தவை வரிசையாக வந்து நிற்கும். எதை எதோடு எடைபோடுவது என்று எழுதுபவருக்கே தெரியாது.

நான் எடுப்பது மூன்றாவது: "சல்லிவன் உதகமண்டலம் என்ற நகரத்தைத் தொடங்கிவைத்தார், மலையை மாற்றியவர் அவரல்லர். நிலம் யார் கையில் இருந்தது, அதில் என்ன விளைந்தது என்று பார்த்தால், பெரிய மாற்றம் நூற்றாண்டின் பிற்பாதியில் காப்பி, தேயிலை, சிங்கோனாத் தோட்டங்களோடு வந்தது. ஆகவே கூற்றைப் பெரும்பாலும் மறுக்கிறேன்." மூன்றே வாக்கியம். தீர்ப்பும் இருக்கிறது, அதை அளக்கும் கோலும் இருக்கிறது. இனி எந்தத் தகவல் உள்ளே வரலாம், எது வேண்டாம் என்பதை அந்தக் கோலே சொல்லிவிடும். ஏரி வெட்டியதற்கு ஒரு வரி போதும். தோட்ட நிலத்துக்கு ஒரு பக்கம் வேண்டும்.

இங்கே ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், முடிவை முதல்லயே சொல்லிட்டா கடைசியில எழுத என்ன மிச்சம் இருக்கு?" நியாயமான கேள்வி. அதற்கு விடை கிடைக்காததால்தான் முடிவுரைகள் நொண்டுகின்றன.

வழக்கமான முடிவு இப்படி வரும்: "ஆக, சல்லிவன், சென்னை மாகாண ஆளுநர் லஷிங்டன், தோட்டக்காரர்கள் என அனைவருமே காரணம்." எல்லாரையும் திருப்திப்படுத்த இது என்ன கல்யாணப் பத்திரிகையா? "எந்த அளவுக்கு" என்று கேட்டவருக்கு அளவைச் சொல்லவில்லை. தொடக்கத்தை வேறு சொற்களில் திரும்ப எழுதும் முடிவு இன்னொரு வகை. அது பொய் சொல்லாது, புதிதாகவும் எதையும் சொல்லாது.

முடிவுரையில் செய்ய மிச்சமிருக்கும் வேலை, நம் தீர்ப்புக்கு எதிரான வலுவான வாதத்தை எடுத்து, தீர்ப்பு அதைத் தாங்குகிறதா என்று பார்ப்பது. இந்தக் கேள்வியில் அந்த வாதம்: சல்லிவன் வழி திறக்காவிட்டால் தோட்டக்காரர்கள் மேலே வந்திருப்பார்களா? அதற்கு என் முடிவுரை: "வழி திறந்ததில் அவர் பங்கு பெரிது. ஆனால் அவருக்கு முன்பே, 1818இல், விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு அதிகாரிகள் மலையேறியிருந்தார்கள். 1827 முதல் 1832 வரை ஆளுநராயிருந்த லஷிங்டனும் ஊட்டியை உடல்நலம் தேறும் இடமாக வளர்க்க முனைந்தார். சல்லிவன் இல்லாவிட்டாலும் மலை திறந்திருக்கும், சற்றுத் தாமதமாக. அதைவிட, நிலம் தோடர்களுக்கே உரியது என்று அவர் வாதாடினார். அரசு அந்த வழியில் போகவில்லை. 1830இல் மலையின் பெரும்பகுதி அவருடைய கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபாரோடு சேர்க்கப்பட்டது. நிலத்தின் போக்கைத் தீர்மானிக்க முடியாதவரை அதன் மாற்றத்துக்கு முதன்மைக் காரணம் என்பது பொருந்தாது. நகரம் எங்கே அமைந்தது என்ற ஒன்றில் மட்டும் கூற்று நிற்கும்."

கடைசி வாக்கியத்தைச் சிலர் பயந்து விட்டுவிடுகிறார்கள், விட்டுக்கொடுத்தால் தீர்ப்பு பலவீனமாகும் என்று. விட்டுக்கொடுக்கும் இடத்தின் எல்லையைச் சொல்லிவிட்டால் பலவீனமாகாது. "ஓரளவு ஏற்கலாம்" என்பது எல்லை இல்லாத விட்டுக்கொடுப்பு. அதைத்தான் தவிர்க்க வேண்டும்.

லஷிங்டன், 1830 இரண்டும் முடிவுரையில் முதன்முறையாகத் தலைகாட்டக் கூடாது. சான்றுகளை நடுப்பத்திகளில் விரித்துவிட்டு, இங்கே அவற்றை எடைபோட மட்டும் செய்ய வேண்டும். மணி அடிக்கப் போகிறது என்றால் எதிர்வாதத்துக்கு ஒரு வாக்கியம், எல்லைக்கு ஒரு வாக்கியம் எழுதினால் போதும். "காரணங்களை விவரி" என்று மட்டும் கேட்கும் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு இதில் எதுவும் தேவையில்லை, நேரே காரணங்களுக்குப் போய்விடலாம்.