கம்பி வேலி போடறவங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் காசு குடுங்க, 24,100 ரூபா போச்சு எனக்கு

நேத்து சாயங்காலந்தான் நஷ்டத்தை முழுசா கணக்குப் பாத்து முடிச்சேன், இன்னும் கை நடுங்குது, அதனால எழுத்துல முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கங்க. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கேரளாப் பக்கம் எங்க தோட்டம். ரோட்டு ஓரம் 400 அடி, உள்ள 270 அடி, ரெண்டரை ஏக்கருக்கு ரெண்டு சென்ட் கம்மி. தென்னைக்கு நடுவுல வாழை வெச்சிருக்கோம், பன்னியும் மாடும் புகுந்து ஒண்ணும் மிஞ்சறதில்லைன்னு கல்லுக்கால் நட்டு அஞ்சு வரிசை முள்கம்பி போட்டுடலாம்னு முடிவு பண்ணோம்.

ஆள் கிடைச்சது போன்ல விளம்பரம் போடற ஒரு ஆப்ல. பேர் சொல்லல, எல்லாரும் வீட்டுப் பழைய சாமான் விக்கப் போடறோமே அந்த மாதிரி ஒண்ணு. தமிழ்நாட்டுப் பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்தாரு, நல்ல மரியாதையான பேச்சு, எங்கப்பாவை அய்யான்னாரு, என்னை அண்ணான்னாரு, "நம்ம சொந்தக் காடு மாதிரி நெனச்சு செஞ்சு தர்றேனுங்கண்ணா"ன்னாரு. எங்கம்மா குடுத்த மோரைக் குடிச்சுட்டு திண்ணையில உக்காந்து ஒரு கல்யாணப் பத்திரிகை பின்னாடி கணக்குப் போட்டாரு. அந்த எடத்துலதான் நான் கவுந்தது.

பத்தடிக்கு ஒரு கால். 400 அடிக்கு நாப்பது இடைவெளி, கடைசிக் கால் ஒண்ணு சேர்த்து 41. 270 அடிக்கு இருபத்தேழு, ஒண்ணு சேர்த்து 28. அப்புறம் மறுபடி 41, மறுபடி 28, மொத்தம் 138. மூலைக்கு ரெண்டு ரெண்டு முட்டுக்கால், அது எட்டு, கேட்டுக்கு ரெண்டு, ஆக 148 கால்னு எழுதி அடியில கோடு போட்டாரு. கேக்கறப்ப எவ்ளோ சரியாத் தோணுது பாருங்க, நானும் தலையாட்டுனேன். ஆனா நேர்கோட்டுல நட்டாத்தான் ஒண்ணு கூட வரும். தோட்டத்தைச் சுத்தி வந்தா கடைசி இடைவெளி போய் முடியறது மொதல் கால்லயேதான், அதனால எத்தனை இடைவெளியோ அத்தனை கால் போதும். சுத்தளவு 1340 அடி, பத்தால வகுத்தா 134, அவ்ளோதான். மூலைக்கால் ஒவ்வொண்ணையும் ரெண்டு பக்கத்துக்கும் எண்ணி நாலு கால் ஏத்திட்டாரு. கேட்டுக்கும் தனியா கால் கழிக்கவோ கூட்டவோ வேண்டாம், பத்தடி கேட் ஒரு இடைவெளியில உக்காந்துக்கும், கம்பிதான் வரிசைக்குப் பத்தடி மிச்சமாகும்.

கால் ஒண்ணு நட்டுக் குடுக்க 450, அது 66,600. முள்கம்பி 12 கேஜ், 300 கிலோ, கிலோ 95ன்னு 28,500. கம்பி இழுக்கற கூலி 9,900. மொத்தம் ஒரு லட்சத்து அஞ்சாயிரம். அட்வான்ஸ் குடுத்தேன், நாலு நாள்ல முடிச்சாங்க, ரோட்டுப் பக்கம் நின்னு பாத்தா அப்பிடியே நூல் புடிச்ச மாதிரி இருந்துச்சு, மீதியை அன்னைக்கே எண்ணிக் குடுத்துட்டேன். பின்னாடிப் பக்கம் போய்ப் பாக்கல. அங்க புதரு, பாம்பு கெடக்கும், அவங்க நட்டிருப்பாங்கன்னு நம்பிட்டேன்.

பதினோராவது நாள் காலையில பக்கத்துத் தோட்டத்து மாடு வாழைக்குள்ள நிக்குது. பின் வரிசையில கம்பி தொங்கிப்போய் ரெண்டு கம்பிக்கு நடுவுல தலையை விட்டு வந்திருக்கு, ஒரு கால் கையால தள்ளுனாலே ஆடுது. டேப்பு எடுத்துட்டுப் போனேன். ரோட்டுப் பக்கம் கரெக்டா பத்தடி. பின்னாடி 12 அடி, சில எடத்துல 12 அடி நாலு இஞ்ச். அப்பாவும் நானும் சுத்தி நடந்து எண்ணுனோம், ஒவ்வொரு கால்லயும் அப்பா சுண்ணாம்பு வெச்சுட்டே வந்தாரு. ரோட்டுப் பக்கம் 40, மத்த மூணு பக்கம் 940 அடிக்கு வெறும் 78. பின் மூலை ஒண்ணுல முட்டுக்காலே இல்ல, அதான் கம்பி தொய்ஞ்சிருக்கு, இழுத்துக் கட்டுன கம்பி மூலைக்காலை உள்பக்கமா சாய்க்கும்ல, அதைத் தாங்க ஒண்ணுமில்ல. முட்டுக்கால் ஆறு சேர்த்து மொத்தம் 124 கால் நிக்குது. காசு வாங்குனது 148க்கு. 24 கால், 10,800 ரூபா.

ஏழடிக் கல்லு, ரெண்டடி மண்ணுக்குள்ளன்னு பேச்சு. அப்ப மேல அஞ்சடிதான் தெரியணும். பின்னாடி அளந்தா அஞ்சே முக்கால், ஆறுன்னு நிக்குது. குழி தோண்டவே இல்லைங்க.

அப்பத்தான் கம்பி மேலயும் சந்தேகம் வந்துச்சு. மிச்சம் விட்டுட்டுப் போன துண்டுல சரியா பத்தடி வெட்டி மளிகைக் கடைத் தராசுல வெச்சேன், 240 கிராம். கேட்டுக்குப் பத்தடி போக சுத்தி 1330 அடி, அஞ்சு வரிசைக்கு 6650 அடி. அதாவது பத்தடித் துண்டு 665, ஒவ்வொண்ணும் 240 கிராம்னா 160 கிலோகூட முழுசா வரல. கட்டுன எடத்துல சுத்துனது, வேஸ்ட்டுன்னு ஒரு பத்து கிலோ விட்டுக்குடுத்தாலும் 300 எங்க, இது எங்க? கம்பி வேலை தெரிஞ்ச என் மச்சான் பாத்துட்டு இது 12 கேஜே இல்ல மாப்ள, 14ங்கறாரு. கேஜ் நம்பர் ஏற ஏற கம்பி மெலிசாகும், 12ன்னா ரெண்டரை மில்லி கிட்ட இருக்கணும், இது ரெண்டு மில்லி. மெலிசுக் கம்பியைப் போட்டு தடிச்ச கம்பியோட எடையை எழுதி, அதுக்கு மேலயும் ஏத்தி வெச்சிருக்காரு. 140 கிலோ வித்தியாசம், 13,300 ரூபா. ரெண்டும் சேர்த்து 24,100. இருபத்தி நாலாயிரத்து நூறு. எங்க வாழை ஒரு தாருக்கு என்ன கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும்.

போன் பண்ணுனா மொதல் நாள் "பாறை இருந்துச்சுங்கண்ணா, அதான் தள்ளித் தள்ளி நட்டோம்"னாரு. பின்பக்கம் முழுக்க செம்மண்ணுங்க, மம்பட்டி போட்டா முழங்கால் ஆழம் எறங்கும். ரெண்டாவது நாள் ஆளுங்க தப்பு, வந்து பாக்கறேன்னாரு. மூணாவது நாள் கம்பி எடையெல்லாம் கடைக்காரங்களைக் கேளுங்கன்னாரு. கடை எதுன்னா பதில் இல்ல, கடைச் சீட்டு கேட்டா "அதெல்லாம் நாங்க வெச்சுக்கறதில்லை". இப்ப ரிங் போகுது எடுக்கறதில்ல, அம்மா போன்ல கூப்பிட்டா எடுத்து என் குரல் கேட்டதும் கட் பண்றாரு. அந்த ஆப்புல கம்ப்ளெயின்ட் போட்டா, நாங்க நம்பர் மட்டுந்தான் காட்டறோம், வேலைக்கு பொறுப்பில்லைன்னு ஒரே பதிலை மூணு தடவ அனுப்பறாங்க. விளம்பரம் இன்னும் அப்பிடியே இருக்கு, என் வேலி போட்டோவையே மொதல் படமா வெச்சிருக்காரு, ரோட்டுப் பக்கம் எடுத்தது.

என்ன பாக்கணும்னு வெவரமா எழுதலாம்னு உக்காந்தேன், முடியல. சுத்தளவை நீங்களே அளங்க, இடைவெளியால வகுங்க, வர்றதுதான் கால் எண்ணிக்கை, முட்டுக்காலைத் தனியா எழுதி வாங்குங்க. கம்பி சுருள் எறங்குன அன்னைக்கே உங்க தராசுல எடை போடுங்க, பத்தடித் துண்டு ஒண்ணு வெட்டி வெச்சுக்கங்க. பின்னாடிப் பக்கம் நடந்து எண்ணாம கடைசிப் பணத்தைக் குடுக்காதீங்க.

மாட்டுக்காரரு வேற வந்து கம்பி கிழிச்சுருச்சுன்னு மருந்துச் செலவு கேக்கறாரு. பத்திரிகை பின்னாடி போட்ட அந்தக் கணக்கு இன்னும் எங்கிட்ட இருக்கு, அவரு கையெழுத்துதான், நாளைக்கு அதையும் தராசுச் சீட்டையும் எடுத்துட்டு அவரு ஊருக்கே போறேன்.