பட்டர் கேக் லேபல்: மூன்றில் இரண்டாவதை எடுக்கிறேன்

தம்பி, அனுப்பின மூன்று மாதிரியும் பார்த்தேன். இரண்டாவதை எடுப்போம், அந்த வெளிர் மஞ்சளில் கறுப்பு எழுத்து உள்ளது. வீட்டில் எல்லோருக்கும் முதலாவதுதான் பிடித்தது, கடும் மண்ணிறத்தில் வெள்ளை எழுத்து, பார்க்க நல்ல எடுப்புத்தான், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் அதே மாதிரியான லேபலோடு மாரடித்துவிட்டுச் சொல்கிறேன், எங்களுக்கு அது சரிவராது.

மண்ணிறம் ஒரே மையில் வருவதில்லை, மூன்று நான்கு நிறம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துதான் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒன்று மயிரளவு விலகினாலும் வெள்ளை எழுத்துக்குள் மை ஏறிவிடும். கடைப் பெயர் பெரிது, தப்பிவிடும். சேர்மானப் பட்டியலில்தான் கரைச்சல்: ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழி அடைபட்டு, புள்ளிகளும் காணாமல் போய், முட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு சனம் நிற்கிறது. வெளிர் நிறத்தில் தனிக் கறுப்பு மையால் அடித்தால் இந்த வில்லங்கமே இல்லை.

பார்கோட்டையும் மண்ணிறத்தில் போட வேண்டாம். சுப்பர் மார்க்கெட் ஸ்கானர் பெரும்பாலும் சிவப்பு வெளிச்சத்தால் வாசிப்பது, அதற்குச் சிவப்பு கலந்த கோடு வெள்ளைத் தாளிலிருந்து பிரிந்து தெரியாமல் போகலாம். வெள்ளைக் கட்டத்தில் கறுப்புக் கோடு, இரண்டு பக்க வெற்றிடத்தையும் சேர்த்து 30 மில்லிமீற்றருக்குக் குறையாமல் விடுங்கள்.

மூன்றாவது, அந்தக் கண்ணாடி போன்ற ஸ்ரிக்கர், வெறும் மேசையில் வடிவுதான். கேக்கின் மேல் ஒட்டினால் பின்னால் இருக்கும் பொன்னிறத்தில் எழுத்து மங்கிவிடும், பட்டர் கசிந்த இடத்தில் பார்க்கவே அசிங்கம்.

இனித் தாளைப் பற்றி. சாதாரணக் கடதாசி வேண்டாம், பட்டர் பட்டதும் எண்ணெய் ஊறித் திட்டுத் திட்டாகிறது. திருநெல்வேலிக் கடைகளில் பிரிட்ஜில் வைத்து எடுக்கும்போது வியர்த்து ஓரம் வேறு கிளம்புகிறது. பிளாஸ்ரிக் ஸ்ரிக்கரில் அடித்து, மூலைகளை வளைத்து வெட்டித் தாங்கோ, கூர்மூலைதான் முதலில் உரியும்.

ஒரேயொரு சிக்கல், பிளாஸ்ரிக் வழுவழுப்பில் எங்கள் றப்பர் முத்திரை மை காயாது. கேக் பொதி செய்கிற பிள்ளைகளின் கையில் எப்போதும் பட்டர் இருக்கும், பெருவிரல் பட்டாலே திகதி அழிந்துபோகும், திகதி வாசிக்க முடியாத பொதியைப் பீஎச்ஐ பார்த்தால் பதில் சொல்ல ஏலாது. ஆகவே உற்பத்தி, காலாவதித் திகதிகளுக்கும் விலைக்கும் சேர்த்து ஒரு வெள்ளைக் கட்டம், மேலே மினுக்கம் போடாமல், மை உறிஞ்சுகிற பூச்சோடு வேண்டும். விலையை அச்சில் போட வேண்டாம், பட்டர் விலை நிற்கிற இடத்தில் நிற்பதில்லை.

முழுவதையும் அடிக்கமுதல், அதே ஸ்ரிக்கரில், அதே மையில் ஒரு தாள் மட்டும் அடித்துத் தாருங்கள். போனில் படம் அனுப்பிச் சரிவராது. ஒரு கேக்கில் ஒட்டி, முத்திரை குத்தி, ஒரு இரவு பிரிட்ஜில் வைத்து எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.