முன்சுவர் ஓட்டையா, பின்சுவர் ஓட்டையா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து வருபவர் வலது அடிவயிற்றைத் தொட்டுக் காட்டுகிறார். அப்பண்டிக்ஸ் என்றே எவரும் நினைப்பர். ஆனால் வலி திடீரெனத் தொடங்கியது மேல்வயிற்றில். முன்சிறுகுடலின் முன்சுவர்ப் புண் ஓட்டையானால், கசியும் திரவம் ஏறுபெருங்குடலின் வெளிப்பக்கப் பள்ளம் வழியாக வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிடும். சில வேளை குடலின் முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்புப் படலமான பெரிய ஓமென்டம் ஓட்டையில் ஒட்டி அதை அடைத்துவிடுவதும் உண்டு.

இரைப்பையின் பின்சுவர் ஓட்டையானால் கதை வேறு. திரவம் இரைப்பைக்குப் பின்னாலுள்ள சிறுபையில் தேங்கும். அதற்கு ஒரே வாசல், ஈரலையும் இரைப்பையையும் இணைக்கும் படலமான சிறிய ஓமென்டத்தின் வலது ஓரத்துக்குப் பின்னால், விரல் நுழையுமளவு. அழற்சியால் அதுவும் ஒட்டிக்கொண்டால் உள்ளேயே சீழ் கட்டும். தொடக்கத்தில் வயிறு பலகையாக இறுகாது. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்தின் கீழ் காற்றும் தெரியாமல் போகலாம். என்னைக் கேட்டால் இதுதான் அதிக ஆபத்து. காய்ச்சலும் முதுகுக்குப் பரவும் வலியும் நீடித்தால் சீ.ரீ. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும்.