ஜீன்ஸிலிருந்து புடவைக்கு: நிலை மாறாமல் உடை மாற்ற எந்த மேப்?

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஜீன்ஸும் ஒட்டிய டி-ஷர்ட்டும் போட்ட பெண் நிற்கிறார். வலது கை இடுப்பில், இடது கால் கொஞ்சம் முன்னால், இரண்டு கால்களுக்கும் நடுவே இடைவெளி. அதே நிலையில் பட்டுப்புடவை வேண்டும். படம் உருவாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷனில், மூலப் படத்திலிருந்து எடுத்த மேப்பைக் காட்டி நிலையைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல்நெட் வைத்து இதைச் செய்யப் போனால் முதலில் எழும் கேள்வி, எந்த மேப் என்பதுதான்.

கேனியைத் தொடக்கத்திலேயே விட்டுவிடலாம். அது எல்லாக் கோடுகளையும் எடுக்கும்; உடம்பின் ஓரம் எது, ஜீன்ஸ் பாக்கெட்டின் தையல் எது என்று அதற்குத் தெரியாது. புடவை கேட்டால், ஜீன்ஸ் வடிவத்தில் ஜரிகை போட்ட பேன்ட்தான் கிடைக்கும்.

ஓப்பன்போஸ் நேர் எதிர். கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால், முகத்தின் சில புள்ளிகள் என மொத்தம் 18. அவற்றை இணைக்கும் வண்ணக் குச்சிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. உடை பற்றிய தகவலே இல்லாததால் கொசுவமும் முந்தானையும் தடையில்லாமல் விழும். ஆனால் உடல் பருமனும் அந்தக் குச்சிகளில் இல்லை. அதே எலும்புக்கூட்டில் ஒல்லியானவரும் வரலாம், பருத்தவரும் வரலாம். கை உடம்புக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதும் தெளிவாகாது. நம் படத்தில் இடுப்பில் வைத்த கை, புடவைக்குப் பின்னால் போய் மறைவது இதனால்தான். விரல்களுக்கான புள்ளிகளையும் சேர்த்து எடுத்தால் (DWPose இதை நன்றாகச் செய்யும்) ஓரளவு சரியாகும்.

டெப்த் மேப் இந்த முன்-பின் சிக்கலைத் தீர்க்கும். அருகில் இருப்பது வெளுப்பாகவும் தள்ளியிருப்பது கறுப்பாகவும் பதிவாவதால் கை எங்கே இருக்கிறது என்பதில் குழப்பமே இல்லை. உட்கார்ந்த நிலை, கேமராவை நோக்கி நீட்டிய கால் போன்றவற்றில் ஓப்பன்போஸை விட இதுவே மேல். ஆனால் இது அளப்பது உடம்பை அல்ல, உடுத்திய உடம்பை. கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மேப்பில் கறுப்பாக நிற்கும். படம் வரையும் மாடலும் அதற்குக் கீழ்ப்படிந்து புடவையை இரண்டாகப் பிரித்து, பஞ்சகச்சம் மாதிரி கட்டிவிடும்.

இந்த இடத்தில் பலர், படம் படிப்படியாக உருவாகும்போது டெப்த்தின் கட்டுப்பாட்டைப் பாதியில் நிறுத்திப் பார்ப்பார்கள். அது மட்டும் போதாது. உருவத்தின் வெளிவடிவம் முதல் சில படிகளிலேயே முடிவாகிவிடுகிறது. 40 சதவீதத்தில் நிறுத்தும்போது கால் இடைவெளி ஏற்கெனவே பதிந்திருக்கும். திருத்த வேண்டியது மேப்பையே. ஏதாவதொரு பட எடிட்டரில் டெப்த் மேப்பைத் திறந்து, தொடையின் சாம்பல் நிறத்தை எடுத்து, இடுப்பிலிருந்து தரை வரை கால் இடைவெளியை நிரப்பி, அடியில் சற்று அகலமாக்குங்கள். பிறகு லேசாக மங்கலாக்குங்கள். இடுப்புக்கு மேலே கையையும் தோளையும் தொடவே கூடாது. இப்படித் திருத்திய மேப்பை ஓப்பன்போஸோடு சேர்த்துக் கொடுப்பதுதான் என் தேர்வு. பைத்தானின் diffusers நூலகத்தில் இப்படி:

```python
controlnet_conditioning_scale=[1.0, 0.4],
control_guidance_end=[1.0, 0.5],
```

முதல் வரி மேப்பின் வலு, அடுத்தது எந்தக் கட்டத்தில் அது நிற்கும் என்பது. இரண்டிலும் முதல் எண் ஓப்பன்போஸுக்கு, இரண்டாவது டெப்த்துக்கு. கொசுவ மடிப்புகள் மொழுக்கென்று வந்தால் 0.4-ஐ 0.3 ஆக்குங்கள். கை மறுபடி மறைந்தால் அதே வலுவை 0.5 வரை ஏற்றலாம். வெப் இடைமுகத்தில் வேலை செய்பவர்கள் திருத்திய மேப்பை ஏற்றும்போது பிரிப்ராசசரை None-இல் வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் மேப்பிலிருந்தே இன்னொரு மேப் எடுக்கும்.

டென்ஸ்போஸ் கொள்கையளவில் இவை எல்லாவற்றையும் விடப் பொருத்தமானது. 2018-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வெளியிட்ட இது, உடம்பின் மேற்பரப்பை 24 பகுதிகளாகப் பிரித்து, துணிக்கு அடியில் இருக்கும் உடம்பை ஊகிக்கிறது. பருமனும் நிற்கும், உடையும் சுதந்திரமாக மாறும். மெய்நிகர் உடை அணிவிப்புக் கருவிகள் பலவும் இதை நாடுவது அதனால்தான். ஆனால் எல்லா மாடலுக்கும் நல்ல கண்ட்ரோல்நெட் கிடைப்பதில்லை. தளர்ந்த உடையில் ஊகமும் தவறும்.

தளர்ந்த உடை ஓப்பன்போஸுக்கும் சிக்கல்தான். புடவையிலிருந்து ஜீன்ஸுக்குப் போகும்போது முழங்கால் எங்கே என்று அது குத்துமதிப்பாகத்தான் சொல்லும். குச்சிகளைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்து, தொடையும் கெண்டைக்காலும் ஏறத்தாழ ஒரே நீளமாக வரும்படி கையால் நகர்த்திக்கொள்ளுங்கள்.

முகமும் பின்னணியும் அப்படியே வேண்டும் என்றால், மாஸ்க் போட்டு மூடிய பகுதியை மட்டும் புதிதாக வரையும் இன்பெயின்ட். அங்கே மாஸ்க்கும் ஒரு மேப் மாதிரிதான் வேலை செய்யும். ஜீன்ஸின் ஓரத்தையே ஒட்டி மாஸ்க் வரைந்தால் புடவை விரிய இடமில்லை. முந்தானை விழ வேண்டிய தோளையும், காலைச் சுற்றியுள்ள தரையையும் சேர்த்து மூடுங்கள். பழைய படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் டீநாய்சிங் 0.6-இல் இருந்தால் ஜீன்ஸின் நீலம் புடவையில் கசியும். உடையை முழுதாக மாற்ற 1.0 வேண்டும்.

நிலை நகர்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். வந்த படத்திலும் ஓப்பன்போஸை ஓட்டி, பழைய குச்சிகளின் மேல் வைத்துப் பாருங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். புடவைக்குள் இருக்கும் முழங்கால் புள்ளி எப்படியும் நம்பத்தக்கதல்ல.