8.57% என்று விற்ற எண்டோமென்ட் பாலிசி, கணக்கில் தருவது 5.78%

ஆயுள் காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த எண்டோமென்ட் பாலிசி எடுக்கச் சொல்லி யாராவது ஒரு தாளை நீட்டி, அதில் ‘ஆண்டு வருமானம் 8.57%’ என்று எழுதிக் காட்டினால் கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். எனக்கு விற்ற பாலிசியில் அந்த எண் எப்படி வந்தது என்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் ஒரு தப்பும் இல்லை. வில்லங்கமே அதுதான்.

பாலிசி விவரம் இது. காப்புத் தொகை 10 லட்சம் ரூபாய், காலம் 20 ஆண்டு. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 50,000 பிரீமியம், ஆக மொத்தம் கட்டுவது 10 லட்சம். காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு 45 ரூபாய் வீதம் போனஸ் என்று வைத்தால் ஆண்டுக்கு 45,000, இருபது ஆண்டில் 9 லட்சம். முதிர்வில் 19 லட்சம் வரும் என்று தாள் சொல்கிறது.

ஏஜென்ட் போட்ட கணக்கு இப்படி: முதல் 50,000 இருபது ஆண்டு கிடக்கிறது, இரண்டாவது பத்தொன்பது ஆண்டு, கடைசித் தவணை ஒரே ஓர் ஆண்டு. சராசரியாகப் பார்த்தால் உங்கள் பணம் பத்தரை ஆண்டுதான் அவர்களிடம் இருக்கிறது. 10 லட்சத்துக்குப் பத்தரை ஆண்டில் 9 லட்சம் லாபம் என்றால் ஆண்டுக்கு 8.57%. “பேங்க்ல இவ்வளவு தருவாங்களா சார், நீங்களே சொல்லுங்க” என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

அது தனிவட்டிக் கணக்கு. வங்கி சொல்லும் வீதமோ கூட்டுவட்டி. தனிவட்டியில் 8.57 என்பதைக் கூட்டுவட்டியில் சொல்லும் வீதத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் இங்கே நடக்கிற ஏமாற்று வேலை. சோதிப்பது சுலபம். ஆண்டுக்கு 50,000 வீதம் இருபது ஆண்டு போட்டு நிஜமாகவே 8.57% கூட்டுவட்டி கிடைத்தால் முடிவில் சுமார் 26.5 லட்சம் கையில் இருக்க வேண்டும். அதே தாளில் முதிர்வுத் தொகை 19 லட்சம் என்று இருக்கிறது. இரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று பொய்யாக்கிக்கொண்டு.

உண்மையான வீதத்தைத் தெரிந்துகொள்ள ஐஆர்ஆர் கணக்குப் போட வேண்டும். அதாவது, கட்டிய ஒவ்வொரு தவணையும் எந்த ஒரே வட்டி வீதத்தில் வளர்ந்தால் கடைசியில் எல்லாம் சேர்ந்து சரியாக 19 லட்சம் ஆகும் என்ற கேள்வி. எக்செல்லில் B2 முதல் B21 வரை இருபது கட்டங்களில் -50000 என்று போடுங்கள். B22-இல் 1900000. கட்டும் பணத்துக்கு மைனஸ் குறி மறக்கக் கூடாது. எல்லாம் ப்ளஸ்ஸாக இருந்தால் #NUM! என்று பிழை காட்டும்.

```
=IRR(B2:B22)
=RATE(20,-50000,0,1900000,1)
```

முதல் வரி போதும். தவணை எப்போதும் ஒரே தொகைதான் என்றால் இரண்டாவது வரியைப் போட்டால் கட்டங்களை நிரப்பவே தேவையில்லை. கடைசியில் உள்ள 1 என்பது ஆண்டுத் தொடக்கத்தில் கட்டுகிறோம் என்பதைச் சொல்கிறது. எதைப் போட்டாலும் வருவது 5.78%.

இங்கே பலரும் சறுக்குகிற ஓர் இடம் உண்டு. முதிர்வுத் தொகையைக் கடைசிப் பிரீமியத்தின் கட்டத்திலேயே சேர்த்து 1850000 என்று போட்டுவிடுவார்கள். கடைசித் தவணை இருபதாம் ஆண்டின் தொடக்கத்தில் போகிறது, பணம் வருவதோ அந்த ஆண்டின் முடிவில். ஒரே கட்டத்தில் அடைத்தால் ஓர் ஆண்டு காணாமல் போய் 6.30% என்று கூட்டிக் காட்டும். மொத்தம் 21 கட்டங்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள், தெரிந்துவிடும். இந்த 6.30-ஐயும் விற்பனைத் தாள்களில் எதிர்பார்க்கலாம்.

பிரீமியத்தோடு வரியோ தவணைக் கட்டணமோ பிடித்திருந்தால் -50000 என்ற இடத்தில் கணக்கிலிருந்து உண்மையில் கழிந்த தொகையைப் போட வேண்டும். வீதம் இன்னும் இறங்கும்.

இந்தக் கணக்கைக் காட்டியதும் ஏஜென்ட் சொன்ன பதில், “ஆயுள் காப்பீடும் சேர்ந்து இருக்கே சார், அதை விட்டுட்டீங்களே.” நியாயமான பேச்சு. பிரீமியத்தில் ஒரு பங்கு காப்பீட்டுக்குப் போகிறது, ஐஆர்ஆர் அதற்கு மதிப்பே தருவதில்லை. அதையும் கொடுத்துப் பார்த்தேன். 10 லட்சத்துக்குத் தனியாக, காப்பீடு மட்டுமே தரும் டேர்ம் பாலிசி எடுக்க ஆண்டுக்கு 4,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 46,000 மட்டுமே முதலீடு என்று போட்டால் 6.49% வருகிறது. அவர் சொன்ன எண்ணுக்கு இன்னும் இரண்டு சதவீதம் குறைவு.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டியது வேறொன்று. 19 லட்சத்தில் உறுதியானது காப்புத் தொகையான 10 லட்சம் மட்டுமே. போனஸ் ஆண்டுதோறும் அறிவித்த பிறகுதான் நம்முடையது. உறுதியான தொகையை மட்டும் எடுத்தால் கட்டியது 10 லட்சம், வருவது 10 லட்சம், வீதம் பூஜ்யம். தாளின் அடியில் பொடி எழுத்தில் இது இருந்தது, 8.57 மட்டும் பேனாவால் வட்டமிட்டு இருந்தது. அறிவித்த போனஸும் வட்டி சம்பாதிப்பதில்லை. முதல் ஆண்டு சேரும் 45,000 பத்தொன்பது ஆண்டு கழித்தும் அதே 45,000-ஆகத்தான் வெளியே வரும். 6% வட்டியில் பார்த்தால் அதன் அன்றைய மதிப்பு 15,000 கூட இல்லை.

ஏற்கெனவே இப்படி ஒன்றில் மாட்டியிருப்பவர்கள் கோபத்தில் உடனே பாலிசியைப் பாதியில் முடித்து சரண்டர் செய்யக் கிளம்ப வேண்டாம். அதற்கு 5.78 என்ற எண் உதவாது. கட்டிய பணம் போனது போனதுதான். இன்றிலிருந்து புதிதாகக் கணக்குப் போட வேண்டும். நான் எட்டுத் தவணை, அதாவது 4 லட்சம் கட்டி முடித்திருக்கிறேன். ஒன்பதாவது கட்டும் நாளில் சரண்டர் செய்தால் கிடைப்பது 2.6 லட்சம். தொடர்ந்தால் அந்த 2.6 லட்சத்தை இன்று மறுபடி போடுவதாக அர்த்தம். ஆகவே ஒன்பதாவது தவணையும் சேர்த்து முதல் கட்டத்தில் -310000, பிறகு பதினொரு கட்டத்தில் -50000, கடைசிக் கட்டத்தில் 1900000. விடை சுமார் 9.4%. மீதமுள்ள 12 ஆண்டும் போனஸ் ஆயிரத்துக்கு 35 ஆகக் குறைந்து, வருவது 17.8 லட்சமாக இருந்தாலும் 8.7% வருகிறது.

காரணம் எளிது. ஆரம்ப ஆண்டுகளில் கமிஷனும் செலவும் நம் பணத்தில் பிடித்தாகிவிட்டது, சரண்டர் மதிப்பு அதனால்தான் அவ்வளவு ஒல்லி. அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு வெளியேறினால், அந்த 2.6 லட்சமும் இனி மிச்சமாகும் தவணைகளும் வெளியே 9.4% சம்பாதித்தால்தான் ஈடாகும். இரண்டே தவணை கட்டியவருக்கு விடை வேறு மாதிரி வரலாம். மாட்டியிருக்கும் ஆண்டைப் பொறுத்தது. சரண்டர் மதிப்பையும் இதுவரை சேர்ந்த போனஸையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வதை வைத்துக் கட்டத்தை நிரப்ப வேண்டாம். தவணையை நிறுத்திவிட்டு முதிர்வு வரை பாலிசியைப் பெய்ட்-அப் ஆக விட்டுவைத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். நான் ஒன்பதாவது தவணையைக் கட்டிவிட்டேன்.