மிக்ஸியில் இட்லி மாவு: விட்டுவிட்டு ஓட்டுவதா, குளிர்ந்த நீர் ஊற்றுவதா?

மிக்ஸியில் அரைத்தால் மாவு பொங்குவதில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு மூன்று யோசனைகள் தவறாமல் கிடைக்கும். குமிழை இடப்பக்கம் திருப்பித் திருப்பி, பல்ஸில் அரையுங்கள். ஒரு நிமிடம் ஓட்டி, கொஞ்சம் ஆறவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மாவின் சூட்டை உண்மையில் இறக்குவது இவற்றில் ஒன்றுதான். மற்ற இரண்டுக்கும் பயன் உண்டு, ஆனால் அது வேறு பயன்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மோட்டார் கீழே கொதிப்பதால்தான் மாவு சூடாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சிறு பங்குதான். பிளேடு மாவை வெட்டிக் கலக்கச் செலவிடும் ஆற்றல் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறியாக வேண்டும். அதற்கு வேறு போக்கிடம் இல்லை. வீட்டு மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றுகிறது. உளுந்து மாவோ கொழகொழவென்று அதைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுபறிதான் சூடு.

எவ்வளவு சூடு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 200 கிராம் உளுந்து ஊறியபின் ஏறத்தாழ 420 கிராம் ஆகும். அதோடு 300 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஜாரில் 720 கிராம் மாவு. 750 வாட் மிக்ஸியில், மோட்டாரின் சொந்த இழப்பெல்லாம் போக, 300 வாட் மாவுக்குள் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மாவின் வெப்பம் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸ் ஏறும். மே மாதத்துச் சென்னைச் சமையலறையில் உளுந்தும் குழாய்த் தண்ணீரும் 32 டிகிரியில் இருக்கின்றன. நைசாக வரட்டும் என்று நான்கு நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால் மாவு 60 டிகிரியைத் தொட்டுவிடும். ஜாரின் அடியில் கை வைத்துவிட்டுச் சட்டென்று எடுப்பது இந்தக் கட்டத்தில்தான். மூடியைத் திறந்தால் பச்சை உளுந்து வாசனைக்குப் பதில் லேசாக வெந்த வாசனை வரும்.

இந்தச் சூட்டைத் தாங்காதவை, மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிரிகள். அவற்றில் முதன்மையானது லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. உளுந்தோடும் அரிசியோடும் தானே வந்து சேர்வது. கரியமில வாயுவை வெளியிட்டு மாவை உப்பச் செய்வதில் பெரும் பங்கு இதனுடையது. 20 முதல் 30 டிகிரி வரை இதற்கு இதமான சூடு. 40-ஐத் தாண்டினால் சுணங்கிவிடும். 60 டிகிரியில் சில நிமிடங்கள் நின்றால் பெரும்பாலும் மடிந்துவிடும். இடைப்பட்ட நிலைதான் ஏமாற்றுவது. மாவு 40 டிகிரியையொட்டி நின்றால், வாயுவை அதிகம் தராமல் அமிலத்தை மட்டும் உண்டாக்கும் வேறு பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். காலையில் பார்த்தால் மாவு புளித்திருக்கும், பொங்கியிருக்காது. 'புளிப்பு வந்துவிட்டதே, இட்லி ஏன் கல்லாக வருகிறது' என்ற கேள்விக்குப் பல வீடுகளில் இதுவே பதில்.

அரைக்கும்போது சூடானால் என்ன, பிறகு தானே ஆறிவிடாதா என்று கேட்கலாம். இரண்டு கிலோ மாவைப் பாத்திரத்தில் ஊற்றி மூடிவைத்தால், அது அறைச் சூட்டுக்கு இறங்க மணிக்கணக்காகும். நொதித்தல் தொடங்க வேண்டிய அந்த முதல் மணி நேரங்களில்தான் பாக்டீரியாக்கள் வெந்நீரில் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, சூடான உளுந்து மாவு இளகி, அரைக்கும்போது பிடித்த காற்றையும் எளிதில் விட்டுவிடும்.

இனி மூன்று யோசனைகளையும் எடைபோடலாம்.

விட்டுவிட்டு ஓட்டி ஆறவிடுவது: இதை நம்புகிறவர்கள்தான் அதிகம். நான் சற்றும் நம்பாததும் இதைத்தான். ஜாருக்குள் மூடிக்கிடக்கும் 700 கிராம் மாவு, சும்மா நிற்கும்போது சுற்றியுள்ள காற்றுக்கு விடும் வெப்பம் மிகக் குறைவு. அறையைவிட 15 டிகிரி சூடாக இருக்கும் மாவு, ஒரு நிமிட ஓய்வில் அரை டிகிரி இறங்கினாலே பெரிது. ஒரு நிமிடம் ஓட்டி 7 டிகிரி ஏற்றிவிட்டு, ஒரு நிமிடம் நிறுத்தி அரை டிகிரி இறக்குவதில் என்ன லாபம்? மொத்தம் நான்கு நிமிடம் ஓடினால், அதை எத்தனை துண்டாக வெட்டினாலும் சூடு ஏறக்குறைய அதேதான். ஓய்வு தேவைப்படுவது மோட்டாருக்கு. ஐந்து நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள் என்று மிக்ஸிக் கையேடுகளில் அச்சிட்டிருப்பதும் செம்புச் சுருளைக் காப்பதற்காகத்தான். மாவை நினைத்து எழுதியதல்ல. அந்த ஓய்வில் ஜாரைக் கழற்றி, குளிர்ந்த நீர் உள்ள அகலமான பாத்திரத்தில் அடிப்பகுதி மட்டும் படும்படி வைத்து, உள்ளே கரண்டியால் கிளறினால் கதை வேறு. தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். மீண்டும் மாட்டுமுன் ஜாரின் அடியை நன்றாகத் துடைத்துவிட வேண்டும்.

குறுகிய ஓட்டத்துக்கு இன்னொரு நன்மை உண்டு: தேவைக்கு மேல் ஓட்டாமல் தடுக்கிறது. நாற்பது விநாடிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கிறவர், மாவு பதத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவார். ஒரு சொட்டு உளுந்து மாவைத் தண்ணீரில் விட்டால் மூழ்காமல் மிதக்க வேண்டும். மிதந்துவிட்டால் அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு விநாடியும் வீண் சூடு.

பல்ஸ்: இதுவும் நேரடியாகக் குளிர்விக்காது. ஆனால் வேறொரு வழியில் சூட்டைக் குறைக்கிறது. கெட்டியான உளுந்தைத் தொடர்ந்து ஓட்டினால் பிளேடைச் சுற்றி ஒரு காற்றுக்குழி விழும். பிளேடு அந்தக் குழிக்குள் வெறுமனே சீறும்; சத்தம் திடீரென்று மெலிந்து கீச்சென்று மாறுவதை வைத்து இதைக் கண்டுகொள்ளலாம். அடியில் இருக்கும் கைப்பிடி மாவு மட்டும் திரும்பத் திரும்ப அடிபட்டுக் காய்கிறது, மேலே பருப்பு முழுசாக உட்கார்ந்திருக்கிறது. பல்ஸில் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் மேலே இருப்பது கீழே சரிகிறது. அதனால் நான்கு நிமிட வேலை மூன்று நிமிடத்தில் முடிகிறது. மிச்சமான அந்த ஒரு நிமிடம்தான் பல்ஸின் லாபம்: 7 டிகிரி. உளுந்து திப்பித்திப்பியாக உடையும் முதல் கட்டத்தில் இது மிகவும் பயன்படும். மாவு தானே புரண்டு சுழலத் தொடங்கியபின் பல்ஸால் பெரிய பயனில்லை. ஒவ்வொரு தொடக்கத்திலும் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுப்பதால், கடைசிவரை பல்ஸிலேயே அரைப்பது மோட்டாரைத்தான் சோர்வடையச் செய்யும்.

குளிர்ந்த நீர்: வெல்வது இதுதான். ஆனால் பாதிக் கிணறு தாண்டினால் போதாது. 32 டிகிரி உளுந்தில் 5 டிகிரி நீர் 300 மில்லி ஊற்றினால், கலவை 18 டிகிரிக்கு இறங்கும். மூன்று நிமிடம் அரைத்தால் 40-க்கு வந்துவிடும். அதாவது ஏமாற்றும் அந்த இடைநிலைக்கே. இதைக் கடக்க எளிய வழி, உளுந்தை ஃபிரிட்ஜிலேயே ஊறவைப்பது. ஊறக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். 8 டிகிரி உளுந்தும் 5 டிகிரி நீரும் சேர்ந்தால் தொடக்கம் 6 அல்லது 7 டிகிரி. மூன்று நிமிடம் அரைத்து முடிக்கும்போது மாவு 28 டிகிரியில் நிற்கும். லியூகோநாஸ்டாக் கேட்பதும் அதைத்தான்.

உளுந்தை முன்கூட்டியே குளிர்விக்க மறந்தவர்களுக்கு ஐஸ் கைகொடுக்கும். ஊற்றும் நீரில் 60 கிராமை ஐஸாகப் போட்டால், உருகும்போதே 8 டிகிரி சூட்டை விழுங்கும். ஒரு நிமிட ஓட்டத்துக்கு ஈடு. முழுக் கட்டியாகப் போடாமல் உடைத்துப் போடுவது பிளேடுக்கு நல்லது. ஐஸும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதை மறந்தால் மாவு நீர்த்துவிடும். நீரை ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தவணையாக ஊற்றினால் மாவும் கெட்டியாக இருந்து நன்கு அரைபடும், கடைசித் தவணை வரை குளிர்ச்சியும் கைவசம் இருக்கும்.

அரிசிக்கு இவ்வளவு கவலை வேண்டாம். 600 கிராம் இட்லி அரிசியை ஊறவைத்து, இரண்டு ஈடாகப் பிரித்து, குளிர்ந்த நீர் விட்டு ஒன்றரை நிமிடம் அரைத்தால் ரவைப் பதம் வந்துவிடும். அரிசி அறைச் சூட்டிலேயே ஊறியிருந்தாலும் மாவு 33 டிகிரியைத் தாண்டாது. உளுந்து மாவோடு கலந்தால் 30-ஐயொட்டி நிற்கும். அரிசியையும் வெண்ணெயாக அரைக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் சிக்கல். சூடும் ஏறும், இட்லியும் பசைபோல வரும்.

கிரைண்டரைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நிறைவடையாது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதன் பெருமையை நான் குறைக்கப் போவதில்லை. ஆனால் கிரைண்டரில் மாவு சூடே ஆகாது என்பது மிகை. 150 வாட் மோட்டார் அரை மணி நேரம் ஓடும்போது மாவுக்குச் சேரும் மொத்த ஆற்றல் ஒன்றும் கொஞ்சமில்லை. அது மெதுவாகச் சேர்கிறது என்பதே வித்தியாசம். வாய் திறந்த பாத்திரம், ஓயாமல் புரளும் மாவு, சூட்டின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும் கனத்த கருங்கல்: இவை சேர்ந்து சூட்டைக் கரைத்துவிடுகின்றன. வாரம் இரண்டு முறை நான்கைந்து பேருக்கு அரைக்கிற வீட்டுக்குக் கிரைண்டரே சரி. இரண்டு பேர் உள்ள வீட்டில் 200 கிராம் உளுந்துக்கு அதை இறக்கிக் கழுவித் துடைப்பதைவிட, ஃபிரிட்ஜில் ஊறிய உளுந்தும் மிக்ஸியும் எனக்கு மேல். ஒரே குறை, மாவு காணும் அளவு. கிரைண்டர் அளவுக்கு நுரைத்து வராது என்பதால், நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தை மிக்ஸிக்கு மூன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

குளிர்ச்சியிலும் அளவு மீறலாம். ஊட்டியிலோ, மார்கழிப் பெங்களூரிலோ, கனடாவிலோ இருப்பவர் இதே கணக்கைப் பின்பற்றினால் மாவு குளிர்ந்த அறையில் மேலும் இறங்கி, மறுநாள் மதியம்வரை அசையாது. அங்கே உளுந்தை வெளியிலேயே ஊறவைத்து, நீரை மட்டும் சற்றுக் குளிர வைத்தால் போதும். இலக்கு எங்கேயும் ஒன்றே: கலந்து வைக்கும்போது மாவு 26 முதல் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இல்லையென்றால் முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். துளிகூட வெதுவெதுப்பு தெரியக் கூடாது. லேசாகச் சில்லென்று இருந்தால் சரி.

மாவு ஏற்கெனவே சூடாகிவிட்டதா? அரிசி மாவோடு கலக்கும்முன் தாம்பாளம் போன்ற அகலமான பாத்திரத்தில் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுக் கிளறி ஆற்றுங்கள். நன்றாக ஆறிய பிறகு, புளித்த பழைய மாவில் இரண்டு கரண்டி சேர்த்துக் கையால் கலந்து வையுங்கள். சூட்டில் மடிந்த பாக்டீரியாக்களின் இடத்தைப் பழைய மாவில் உள்ளவை பிடித்துக்கொள்ளும். சூடு இருக்கும்போதே சேர்த்தால் அவையும் போய்விடும்.